பூங்காவுக்கு விலை கேட்கும் வினாப்பட்டியல்

புதுதில்லி லோதித் தோட்டத்தில் நுழைவதற்குச் சீட்டு கிடையாது. விடியற்காலையில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் அங்கே உலாவுகின்றனர். நண்பகலில் அண்டையிலுள்ள அலுவலகங்களில் பணிபுரிவோர் மரநிழலில் அமர்ந்து உணவுப் பொட்டலத்தை அவிழ்க்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைவிலுள்ள குடியிருப்புகளிலிருந்து குடும்பத்தினர் விரிப்பும் கூஜாவுமாக வந்து சேருகின்றனர். சையிது வமிசத்து முகம்மது ஷா, சிக்கந்தர் லோதி ஆகியோரின் கல்லறைகளைச் சுற்றியிருந்த சிற்றூர் மக்களை வேறிடத்திற்கு அப்புறப்படுத்தி 1936இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா, அக்காலத்தில் வைசிராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா என வழங்கியது. 1947இல் இப்போதைய பெயரைப் பெற்று, 1968இல் கட்டிடக் கலைஞர் ஜோசப் ஸ்டைனும் காரட் எக்போவும் வகுத்த திட்டப்படி சீரமைக்கப்பட்டது. இதன் பரப்பு சுமார் 90 ஏக்கர்.

இப்பூங்காவைப் பராமரிக்கும் புதுதில்லி நகராட்சி மன்றத்தின் கணக்கில் தோட்டக்காரர் சம்பளம், நீர், உரம், விளக்கு ஆகிய செலவுகள் யாவும் இடம்பெறும். வரவுப் பக்கத்திலோ, மேலே கூறிய மனிதர்கள் அங்கு பெறும் நன்மைக்கு ஒரு வரிகூட இராது. சீட்டு இல்லாத இடத்தில் விலை இல்லை. விலை இல்லாத பொருளை ஏட்டில் எழுத இயலாது. ஒரு சாலையோ கட்டிடமோ பசுமை நிலத்தைக் கேட்டு வரும்போது இந்த வெற்றிடம் பூஜ்யமாகப் படிக்கப்படுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகப் பொருளியலார் கையாளும் உபாயங்களுள் ஒன்று, மக்களையே நேரில் கேட்டுவிடுவது. 'இப்பூங்கா இன்றுள்ள நிலையிலேயே காக்கப்படுவதற்கு உங்கள் குடும்பம் மாதம் எவ்வளவு கொடுக்க விரும்பும்?' என்பதே வினா. ஆங்கிலத்தில் 'கன்டின்ஜன்ட் வேல்யுவேஷன்' எனப்படும் இம்முறையைத் தமிழில் நிபந்தனை மதிப்பீடு எனலாம். 'இன்ன ஏற்பாடு நடைமுறைக்கு வருமாயின்' என்ற நிபந்தனையின் மேல் எழுப்பப்படும் வினாவாதலின் இப்பெயர் பொருந்தும்.

இம்முறை புதியதன்று. 1963இல் ராபர்ட் டேவிஸ் என்பார் அமெரிக்காவின் மெயின் இராச்சியக் காடுகளுக்கு வருவோரிடம் இவ்வாறு வினவி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். பல ஆண்டுகள் நிபுணர்களின் விவாதப் பொருளாக மட்டும் இருந்த இது, 1989 மார்ச்சு 24ஆம் தேதி அலாஸ்காக் கடலில் எக்ஸான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபின் நீதிமன்றத்திற்குரிய விஷயமாயிற்று. அக்கடற்கரையை ஒருநாளும் கண்டிராத அமெரிக்கக் குடும்பங்களையும் வினவி, ஏற்பட்ட நஷ்டம் 280 கோடி டாலர் என அலாஸ்கா அரசாங்கத்திற்காக உழைத்த ஆராய்ச்சியாளர் கணித்தனர். கப்பலின் உரிமையாளர் தரப்பு நிபுணர்கள், இத்தகைய விடைகள் எதையும் அளப்பனவல்ல என்று வாதித்தனர். இருதரப்பையும் சீர்தூக்க அமெரிக்க அரசாங்கத் துறையொன்று அமைத்த குழுவுக்கு, நோபெல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை தாங்கினர். கடுமையான விதிகளைக் கடைப்பிடித்தால் இவ்விடைகள் நஷ்டத்தைக் கணிக்கும் நீதிமன்ற விசாரணைக்குத் தொடக்கமாகவேனும் பயன்படும் என்பது 1993இல் அக்குழு கூறிய தீர்ப்பு.

இந்தியாவில் ஒரு நகரப் பூங்காவுக்கு இம்முறை பயன்பட்ட நல்ல உதாரணம் தில்லியில் அன்று, பம்பாயில் உள்ளது. போரிவிலி தேசியப் பூங்கா எனப்பட்டு, பின்னர் சஞ்சய் காந்தியின் பெயரைப் பெற்ற அக்காடு, நகரத்தை ஒட்டியே 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் அமைந்தது. நகருக்குக் குடிநீர் தரும் விகார், துளசி ஏரிகளும் கன்ஹேரிக் குகைகளும் அதனோடு சேர்ந்தவை. நந்தினி ஹட்கரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் பம்பாய்க் குடும்பங்களை வினவி 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின்படி, அப்பூங்காவைக் காப்பதற்கு ஒரு குடும்பம் மாதந்தோறும் கொடுக்க முன்வந்த தொகை சராசரி 7 ரூபாய் 50 காசு. அதை நகரத்துக் குடும்பங்கள் அனைத்துக்கும் விரித்து, வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கண்ட மொத்தம் 103 கோடியே 30 லட்சம் ரூபாய். அப்போது பூங்காவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டது 1 கோடியே 70 லட்சம் ரூபாயே. ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ எனத் தோன்றும்.

ஆயினும் இந்த ஏழரை ரூபாயைச் சிறிது நின்று கவனிக்க வேண்டும். 1991 மக்கட்கணக்கின்படி பெரும் பம்பாயின் மக்கள் ஏறக்குறைய 99 லட்சம். குடும்பத்துக்கு ஐவர் என உத்தேசமாகக் கொண்டால் 20 லட்சம் குடும்பங்கள். மாதம் ஏழரை வீதம் ஆண்டுக்கு 90 ரூபாய். 20 லட்சத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 18 கோடி. இனி, சராசரி ஏழரைக்குப் பதில் ஆறரை என்றோ எட்டரை என்றோ வந்திருந்தால்? மாதம் ஒரு ரூபாய் வேற்றுமை ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சமாகப் பெருகுகிறது. அதாவது, வினவியவரின் சொல்லால் விடை ஒரு ரூபாய் நகர்ந்தால், மொத்தக் கணக்கு பூங்காவின் முழு ஆண்டுச் செலவைவிட அதிகமாக நகர்ந்துவிடும். இம்முறையின் வலிமையும் பலவீனமும் இந்தப் பெருக்கலில் அடங்கியுள்ளன. சிறிய தொகையில் நேரும் சாய்வு பெரிய தொகையில் மறைந்து நிற்கும். கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட முடிவைப் படிக்கும் அதிகாரிக்கு அந்த ஒரு ரூபாய் கண்ணிலேயே படாது.

லோதித் தோட்டத்துக்கு இத்தகைய ஆய்வொன்றைத் திட்டமிடுவதாகக் கொண்டால், முதலில் எழும் இடர், பணத்தை எவ்வழியாகக் கேட்பது என்பது. வினா நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமெனில், பணம் கட்டும் வழியும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். வீட்டுவரியோடு சேர்த்துக் கேட்கலாம் என்றால், வாடகைக் குடியிருப்போர் அவ்வரியை நேரில் செலுத்துவதில்லை. மேலும், தில்லி மக்களில் மிகப் பெரும்பாலோர் வரி செலுத்துவது தில்லி மாநகராட்சிக்கு. பூங்காவைப் பராமரிப்பதோ புதுதில்லி நகராட்சி மன்றம். தம் வரி வேறோர் அமைப்பின் தோட்டத்துக்கு எவ்வாறு போய்ச் சேரும் என்று ரோகிணியிலோ நஜப்கரிலோ வசிப்பவர் கேட்டால், வினவச் சென்றவரிடம் விடை இராது. மின்கட்டணப் பட்டியலில் சேர்க்கலாம் என்றால், மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை என 2019இல் அறிவிக்கப்பட்டபின், பல வீடுகளுக்கு வரும் பட்டியலில் செலுத்த வேண்டிய தொகை பூஜ்யமாகிவிட்டது. அதில் பூங்காவுக்கென 10 ரூபாய் தோன்றுவது ஒரு சலுகையைப் பறிப்பதாகவே படும். நுழைவுச் சீட்டு என்றால் விடை மீண்டும் வேறு. நாள்தோறும் இருமுறை வருபவர் அதை எதிர்ப்பார். ஆண்டுக்கு ஒருமுறை வருபவர் தாராளமாக ஒப்புவார். பூங்கா ஒன்றே, ஆனால் பணம் கட்டும் வழி மாறுந்தோறும் தொகையும் மாறும்.

இந்த இடரின் நேர் விளைவு, பூஜ்யம் என்னும் விடை. 'ஒன்றும் கொடுக்க மாட்டேன்' என்பவர் எல்லோரும் ஒரே கருத்தில் அவ்வாறு கூறுவதில்லை. பூங்கா தமக்குப் பயனற்றது எனக் கருதுபவர் ஒருவர். பயனுண்டு, ஆனால் மாத வருமானத்தில் மிச்சமில்லை என்பவர் இன்னொருவர். மூன்றாமவர், 'இது அரசாங்கத்தின் கடமை, வரி கட்டியாயிற்று, மறுபடி ஏன் கேட்கிறீர்கள்?' எனச் சினப்பவர். இம்மூன்றாம் வகையை எதிர்ப்புப் பூஜ்யம் என்பர். இது பூங்காவின் மதிப்பைப் பற்றிய விடையன்று. வினாவையே மறுக்கும் விடை. தலைநகரில் இதுவே மிகுதியாகக் கிடைக்கும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இவ்வகையினரை எவ்வாறு கணக்கிடுவது என்பதைப் பொறுத்து முடிவு எவ்வளவு மாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். நூறு குடும்பங்களை வினவியதில் 60 குடும்பங்கள் மாதம் சராசரி 20 ரூபாய் கூறின. 40 குடும்பங்கள் பூஜ்யம் என்றன. அந்நாற்பதில் 25 எதிர்ப்புப் பூஜ்யங்கள் என வைத்துக் கொள்க. எல்லோரையும் சேர்த்தால் 1,200 ரூபாயை நூறால் வகுத்து, சராசரி 12. எதிர்ப்பாளரை நீக்கி 75ஆல் வகுத்தால் 16. பூஜ்யம் கூறிய அனைவரையும் நீக்கிவிட்டால் 20. விடைத்தாள்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. 2011 மக்கட்கணக்கில் தில்லியில் இருந்த சுமார் 33 லட்சம் குடும்பங்களால் பெருக்கும்போது, 12க்கும் 16க்கும் உள்ள வேற்றுமை மட்டும் ஆண்டுக்கு 15 கோடியே 84 லட்சம் ரூபாய். இத்தொகை தில்லி மக்களின் விருப்பத்தால் எழுந்ததன்று. கணக்கு மேசையில் எடுத்த ஒரு முடிவால் எழுந்தது.

எதிர்ப்பாளரை நீக்குவது நூல்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கமே. ஆயினும் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எதிர்த்தவர், எதிர்க்காதிருந்தால் ஏனையோர் கூறிய சராசரியையே கூறியிருப்பார் என்று அது கொள்கிறது. அவ்வாறு கொள்வதற்கு ஆதாரம் யாது? ஆகவே 12, 16 என்ற இரண்டையும் அருகருகே அச்சிடுவதே நேர்மை. பூஜ்யத்திற்குக் காரணம் கேட்கும் துணைவினா இல்லாத வினாப்பட்டியலைப் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளலாகாது. அக்காரணம் கேட்கப்படவில்லையெனில், பின்னர் எந்தப் புள்ளியியல் சூத்திரத்தாலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது.

பெருக்கும் எண்ணைப் பற்றியும் ஈண்டுக் கூற வேண்டும். 33 லட்சம் என்பது தில்லிப் பிரதேசம் முழுவதற்கும் உரிய எண். பூங்காவைப் பராமரிக்கும் நகராட்சி மன்ற எல்லைக்குள் 2011இல் வாழ்ந்தவர் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவரே. அதாவது உத்தேசம் 50,000 குடும்பங்கள். மாதம் 12 ரூபாய் என்பதை இவ்வெண்ணால் பெருக்கினால் ஆண்டுக்கு 72 லட்சம்; 33 லட்சத்தால் பெருக்கினால் 47 கோடியே 52 லட்சம். எந்தச் சாய்வும் இவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்குவது அரிது. பூங்காவின் வாயிலில் காலை 6 மணிக்கு நின்று வினவிய மாதிரியை நகரம் முழுவதற்கும் விரிப்பது பெரும்பிழை. அவ்வேளையில் அங்கு வருவோர் பூங்காவை மிக விரும்புவோர், பெரும்பாலும் அருகில் வசிப்போர், வசதியுடையோர். வீடுகளைக் குலுக்கலில் தேர்ந்து, நரேலாவிலும் சங்கம் விகாரிலும் கதவைத் தட்டி, லோதித் தோட்டத்தைக் கண்டிராதவரையும் கேட்டிருந்தால்தான் 33 லட்சத்தைத் தொடும் உரிமை உண்டு.

கதவைத் தட்டியபின் நிகழ்வதும் எளிதன்று. கையில் தாளுடன் வந்த, நன்றாகப் படித்த இளைஞர் ஒருவரை அரசாங்க ஆள் எனவே பலரும் கருதுவர். புதுவரிக்கு இது முன்னோடி என ஐயுறும் குடும்பத் தலைவர் தொகையைக் குறைத்துக் கூறுவார். வந்தவர் மனங்கோணலாகாது என்று எண்ணுபவரும், அயலார் முன்னிலையில் சிறுமைப்பட விரும்பாதவரும் உயர்த்திக் கூறுவர். '50 ரூபாய் கொடுப்பீர்களா?' என்று தொடங்கி, ஆமென்றால் ஏற்றியும் இல்லையென்றால் இறக்கியும் ஏலம்போல் கேட்கும் வழக்கம் முன்பு மிகுதியாக இருந்தது. அவ்வாறு கேட்கையில் இறுதி விடை, முதலில் கூறிய தொகையைச் சுற்றியே நிற்பது கண்டறியப்பட்டது. ஐம்பதில் தொடங்கினால் நாற்பதில் முடிகிறது. பத்தில் தொடங்கினால் பதினைந்தில் முடிகிறது. பூங்காவின் விலை யாருக்கும் பழக்கமில்லாததால், வினவியவர் கூறிய எண்ணையே மக்கள் நியாய விலைக்கு அடையாளமாகப் பிடித்துக் கொள்கின்றனர். அதனாலேயே 1993ஆம் ஆண்டுக் குழு ஏலத்தை ஒதுக்கி, வாக்கெடுப்பு வடிவத்தைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் குலுக்கலில் விழுந்த ஒரே தொகையைக் கூறி, ஆம் அல்லது இல்லை என்ற விடையை மட்டும் பெறுவது அது. தொகை ஏற ஏற, ஆமென்போர் விகிதம் படிப்படியாகக் குறைய வேண்டும். 10 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் ஆமென்போர் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பின், அவர்கள் தொகையைக் கேட்கவில்லை, வினவியவருக்கு மரியாதை செய்தனர் என்று பொருள்.

மரியாதையைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. பாதி வீடுகளில் விடையை வாய்மொழியாகப் பெறலாம். மறுபாதியில் தாளில் குறித்து உறையிலிட்டு ஒட்டித் தரச் சொல்லலாம். இரண்டும் வேறுபட்டால் அவ்வேறுபாடே அளவு. மற்றொரு வழி அவகாசம் தருவது. நைஜீரியாவின் அனம்பிரா இராச்சியத்தில் குடிநீர் வசதிக்காக நடந்த ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு உடனே பதில் கூறாமல் மறுநாள் வரை ஆலோசிக்க அனுமதி தரப்பட்டது. 1992இல் வெளியான முடிவின்படி, ஆலோசித்தவர் கூறிய தொகை உடனே கூறியவரின் தொகையைவிடக் குறைந்தது. இல்லத்தரசியோடு கலந்து, மளிகைக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்த விடை அது. தில்லியில் ஒருமுறை சென்று அரைமணியில் முடித்து வரும் ஆய்வுகளுக்கு இதனால் கூலிச் செலவு இரட்டிக்கும் என்பது உண்மை; அதைக் காரணமாகக் காட்டி இந்தச் சோதனையைக் கைவிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

இவையாவும் சீராயினும், விடை பூங்காவைத்தான் அளந்ததா என்ற ஐயம் எஞ்சுகிறது. எண்ணெய்க் கழிவுக் குட்டைகளில் மூழ்கி மடியும் பறவைகளைக் காக்க வலை போர்த்துவதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று அமெரிக்காவில் மூன்று தனித்தனிக் குழுவினரிடம் கேட்டனர். முதற்குழுவுக்கு 2,000 பறவைகள், இரண்டாவதற்கு 20,000, மூன்றாவதற்கு 2,00,000 எனக் கூறப்பட்டது. சராசரி விடைகள் முறையே 80, 78, 88 டாலர். பொருள் நூறு மடங்கானபோதும் விலை அசையவில்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எக்ஸான் கம்பெனி என்பதை மறத்தலாகாது. எதிர்த்தரப்பு ஆய்வுக்கு அலாஸ்கா அரசாங்கம் பணம் கொடுத்தது போலவே. எனினும் இது எழுப்பிய கேள்வியை ஒதுக்க முடியாது. கொடுக்க முன்வந்தவர்கள் பறவைகளுக்கு விலை கூறினரா, அல்லது ஒரு நற்காரியத்துக்குத் தாம் வழக்கமாக இடும் நன்கொடையைக் கூறினரா?

தில்லிக்கு இச்சோதனையைப் பொருத்துவது கடினமன்று. வீடுகளை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் லோதித் தோட்டத்தை மட்டும், இரண்டாம் பகுதியினரிடம் அதனோடு சாணக்கியபுரியிலுள்ள நேரு பூங்காவையும், மூன்றாம் பகுதியினரிடம் தலைநகரின் எல்லாப் பூங்காக்களையும் காப்பதைப் பற்றிக் கேட்கலாம். மூன்று விடைகளும் ஒன்றாக இருப்பின், அத்தொகையை லோதித் தோட்டத்தின் மதிப்பு என ஏட்டில் எழுதுவது தவறு. அடுத்த ஆண்டு நேரு பூங்காவுக்கும், அதற்கடுத்த ஆண்டு தல்கட்டோரா தோட்டத்துக்கும் தனித்தனியே ஆய்வு நடத்தி ஒவ்வொன்றுக்கும் அதே தொகையை எழுதிக் கூட்டினால், ஒரே நன்கொடை பலமுறை எண்ணப்பட்டுவிடும்.

இதுவரை கூறியவை கேட்கும் திறனைப் பற்றியவை. இனி, கேட்பது சரியான வினாதானா என்பது. 1978இல் விஸ்கான்சினில் காட்டு வாத்து வேட்டைக்கு இலவச உரிமச்சீட்டு பெற்றிருந்தோரிடம் ரிச்சர்டு பிஷப், தாமஸ் ஹீபர்லின் என்னும் இருவர் செய்த பரீட்சை இதற்கு உதவும். ஒரு குழுவினருக்கு உண்மையாகவே பணம் அனுப்பி, உரிமச்சீட்டை விற்பீர்களா என்றனர். கிடைத்த சராசரி 63 டாலர். இன்னொரு குழுவிடம், விற்பதாயிருந்தால் எவ்வளவு கேட்பீர்கள் என்று வெறுமனே வினவினர்; விடை 101 டாலர். வேறொரு குழுவிடம், இச்சீட்டை விலைக்கு வாங்க நேர்ந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்றனர். விடை 21 டாலர். பொருள் ஒன்றே. கற்பனையில் கொடுப்பதற்கும் கற்பனையில் பெறுவதற்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மடங்கு வேற்றுமை. மெய்ப்பணம் இரண்டுக்கும் நடுவே நின்றது.

லோதித் தோட்டத்தில் உலாவும் உரிமை தில்லி மக்களிடம் இப்போதே இருக்கிறது. அதை இழக்கச் சம்மதிக்க எவ்வளவு ஈடு வேண்டும் என்பதே அவர்கள் நிலைக்குரிய வினா. ஆனால் அவ்வாறு கேட்டால், 'கோடி கொடுத்தாலும் முடியாது' என்பன போன்ற விடைகள் வந்து சராசரி கட்டுக்கடங்காது போகும். ஆகவேதான் 1993ஆம் ஆண்டுக் குழு, கொடுக்கும் தொகையையே கேட்குமாறு சிக்கனமான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அளவு சௌகரியத்துக்காகச் செய்த இத்தேர்வு, மக்கள் தமக்குரியதைத் தாமே விலைக்கு வாங்குவது போன்ற நிலையில் அவர்களை நிறுத்துகிறது என்பதை மறைக்கலாகாது.

கொடுக்கும் தொகை கையிருப்பைப் பொறுத்தது. ஜோர்பாகில் பங்களா உடையவர் மாதம் 500 ரூபாய் எனத் தயங்காது கூறுவார். சொந்த முற்றமில்லாத ஒற்றையறையில் நால்வரோடு வாழும் கட்டிடத் தொழிலாளி 5 ரூபாய் என்பார். சராசரியில் முன்னவர் நூறு தொழிலாளிகளுக்குச் சமமாகிறார். ஞாயிறன்று பூங்காவை அதிகமாக வேண்டுபவர் எவர் என்பதற்கு இவ்விகிதம் விடையாகாது. தொழிலாளியிடம் பணத்துக்குப் பதில் மாதத்தில் எத்தனை மணி நேரம் பூங்காவில் உழைக்க முன்வருவீர் என்றும் கேட்டு, அதைத் தனிக் கட்டத்தில் குறிப்பது பயனுள்ளது. அதை மீண்டும் கூலியால் பெருக்கிப் பணமாக்கினால் பழைய குறையே திரும்ப வரும். மணியாகவே விடுவது நலம்.

மெய்யாகப் பணம் கொடுத்து நுழையும் பூங்காவும் தில்லியில் உண்டு. ஹுமாயூன் கல்லறைக்கு அருகே ஆகா கான் அறநிலையத்தாரால் சீரமைக்கப்பட்டு 2018இல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரியும் ஏறக்குறைய 90 ஏக்கர் பரப்புடையது. அங்கே சீட்டு வாங்கித்தான் செல்ல வேண்டும். மக்கள் சீட்டு வாங்குகின்றனர் ஆகையால், லோதித் தோட்டத்துக்கும் அவ்விலையே மதிப்பு எனச் சிலர் வாதிக்கக்கூடும். சீட்டு விலை, உள்ளே சென்றவர் ஒவ்வொருவரும் குறைந்தது அவ்வளவாவது மதித்தார் என்று மட்டும் காட்டுகிறது. சீட்டைக் கண்டு திரும்பிப் போனவரைப் பற்றி அது மௌனம் சாதிக்கிறது. வினாப்பட்டியலுக்கு எத்தனை குறை இருப்பினும், திரும்பிப் போனவரின் வீட்டுக் கதவை அது தட்டுகிறது. அதுவே இம்முறையைக் கைவிடலாகாது என்பதற்குத் தக்க காரணம்.

பசுமைக்கு எழுதப்படும் தொகை, எழுதியவர் எண்ணிய பயனிலேயே நின்றுவிடுவதில்லை. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவோர் செலுத்த வேண்டிய தொகையைக் கணிக்கும் முறையை ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் 2005இல் பணித்தது. தில்லிப் பொருளாதார வளர்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காஞ்சன் சோப்ராவின் தலைமையில் அமைந்த குழு 2006இல் அறிக்கை தந்தது. 2008 மார்ச்சில் நீதிமன்றம் ஏற்ற விகிதம், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4 லட்சத்து 38 ஆயிரம் முதல் 10 லட்சத்து 43 ஆயிரம் ரூபாய் வரை. இது வினாப்பட்டியலால் வந்த எண்ணன்று. வேறு கணக்குகளின் மேல் எழுந்தது. ஆயினும் பசுமைக்கு இட்ட மதிப்பு, அதைச் செலுத்திவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்னும் விலையாக எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று.

ஆதலின் இவ்வகை ஆய்வின் தொகையை ஒரு காரியத்துக்கு மட்டும் அனுமதிப்பது பொருந்தும். பராமரிப்புக்கு ஒதுக்கும் பணம் போதுமா என ஆராய்கையில், மக்கள் இவ்வளவாவது மதிக்கின்றனர் என்னும் கீழெல்லையாக அதைக் காட்டலாம். போரிவிலியில் ஆராய்ச்சியாளர் செய்ததும் இதுவே. 18 கோடியில் பாதியைத் தள்ளினாலும் 1 கோடியே 70 லட்சத்தை அது எளிதில் விஞ்சி நிற்கிறது. சாய்வுகளையெல்லாம் தாங்கிய பின்பும் நிலைக்கும் முடிவு அது. பூங்காவில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள ஈடு கணிக்கும்போதோ, நுழைவுச் சீட்டு விதிக்கலாமா என்று முடிவு செய்யும்போதோ அதே தொகையை எடுத்தாளுவது, கேட்கப்படாத வினாவுக்குப் பதிலாக அதைக் காட்டுவதாகும்.

லோதித் தோட்டத்துக்கு இவ்வாய்வு நடக்குமாயின், அதன் அறிக்கையின் முதற்பக்கத்தில் கோடிக்கணக்கான மொத்தம் இருக்க வேண்டியதில்லை. எத்தனை வீடுகள், எந்தெந்தப் பகுதிகளில், எந்த வேளையில் வினவப்பட்டன. பணம் கட்டும் வழி எவ்வாறு கூறப்பட்டது. பூஜ்யங்கள் எத்தனை, அவற்றுள் எதிர்ப்பு எத்தனை. அவற்றைச் சேர்த்தும் நீக்கியும் சராசரி எவ்வளவு. ஒரு பூங்காவுக்கும் எல்லாப் பூங்காக்களுக்கும் கிடைத்த விடைகள் எவ்வளவு விலகி நின்றன என்பவை அங்கே இருக்கட்டும். மாதம் ஒரு ரூபாய் மாறினால் மொத்தம் எவ்வளவு மாறும் என்ற வரி அவற்றின் கீழே அச்சிடப்பட வேண்டும். தில்லிக்கு அது ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி ரூபாய்.